பறவையை ஒரே அர்த்தத்தில் அடைப்பது எப்படி?

கவிதையில் ஒரு பறவை வந்துவிட்டால் பலருக்கும் கை நடுங்குகிறது. அதற்கு என்ன அர்த்தம் சொல்வது, சொன்னது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான். அப்படித் தவிப்பவர்களுக்காக இந்தச் செயல்முறை. பயிற்சிக்குக் குறுந்தொகையின் 25ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது. ஐந்தே அடி, சீக்கிரம் முடிந்துவிடும்.

முதலில் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள். ஆறு என்றால் வாழ்க்கை. பாதை என்றால் துணிச்சலான தேர்வு. கொக்கு என்றால் பொறுமை. கடைசி அர்த்தத்தை மூதுரையில் ஒளவையாரே தந்திருக்கிறார். சின்ன மீன்களை விட்டுவிட்டுப் பெரிய மீன் வரும்வரை அங்கே கொக்கு காத்திருக்கிறது. எனவே தமிழில் எந்தக் கொக்கு எங்கே நின்றாலும் பொறுமைதான் என்று எழுதிவிடலாம். சத்திமுத்தப் புலவரின் நாரை, மதுரையில் குளிரில் வாடும் ஏழைப் புலவரின் சேதியை அவர் மனைவியிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்றே என்று யாராவது கேட்டால், அது வேறு பாடத்திட்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பாடலில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். பார்த்தால் வேலை கெட்டது. பேசுபவள் தலைவி, கேட்பவள் தோழி. களவில் கூடியவன் கல்யாணப் பேச்சைத் தள்ளிக்கொண்டே போகிறான். அன்றைக்கு அங்கே வேறு யாருமே இல்லை, அந்தத் திருடன் மட்டும்தான் இருந்தான், அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகுதான் அவளுக்கு நினைவு வருகிறது, ஒரு குருகு இருந்தது என்று. இந்த நிலைமையில் பொறுமை எங்கே வந்தது? அதனால்தான் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

மூன்றாவது படிதான் முக்கியம்: அடைமொழிகளைத் தாண்டிக் குதித்துவிடுங்கள். அந்தக் குருகின் கால் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருந்தது என்கிறாள். அது ஓடும் நீரில் ஆரல் மீனைத் தேடிக்கொண்டிருந்தது என்கிறாள். இங்கே நின்றீர்களோ, மாட்டிக்கொண்டீர்கள். ஆரல் சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும் மீன். அதைப் பிடிக்கப் பார்க்கும் பறவையின் கண் தண்ணீரைவிட்டு நகராது. அப்படியானால் அவளுக்கு இருந்த ஒரே சாட்சியும் எதையும் பார்க்கவில்லையா? அல்லது தன் இரையிலேயே குறியாக இருந்த அந்தப் பறவைக்கும், அவள் திருடன் என்று சொன்னவனுக்கும் ஏதேனும் ஒற்றுமை உண்டா? அல்லது அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, அவள் கண்ணே போய்ப் பறவையின் காலில் நின்றதா? மூன்றும் பாடலுக்குள் இடம் கொள்கின்றன, ஒன்று இன்னொன்றைத் துரத்தவில்லை. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுத இது உதவாது.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் அடையாள மாற்றுச் சோதனை மட்டும் செய்து பார்க்கவே கூடாது. குருகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிளியை வைப்பதுதான் அந்தச் சோதனை. பாடல் குறிஞ்சித் திணை. தினை குறிஞ்சியின் பயிர், அதைத் தின்ன வருவது கிளி. நிலத்துக்கு அதுவே பொருத்தம். ஆனால் கிளி பேசும்! அது இருந்திருந்தால் அவளுக்குச் சாட்சி கிடைத்திருக்கும், பாடலே இருந்திருக்காது. நீர்நிலைப் பறவை குறிஞ்சிப் பாட்டில் வரலாமா என்று கேட்டால், பூவும் பறவையும் தம் நிலம் விட்டு வேறு நிலத்தில் வந்தால் தப்பில்லை என்று தொல்காப்பியம் அப்போதே வழிவிட்டிருக்கிறது. இலக்கணக்காரரே இவ்வளவு தாராளமாக இருந்தால் நாம் எப்படி உரை எழுதுவது?

எதிர்த் திசையிலும் ஓர் எச்சரிக்கை. குருகு என்றால் கடவுளின் கண், வர்க்கப் போராட்டம், செயற்கைக்கோள் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பவர்கள் நம் கட்சி இல்லை. அவர்களும் பறவையின் காலைப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே அர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஒழுக்கம் அவர்களிடம் கிடையாது.

பாதைக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். ராபர்ட் ஃப்ராஸ்ட் 1915இல் வெளியிட்ட, இரண்டாகப் பிரியும் காட்டுப் பாதை பற்றிய கவிதையில் கடைசி மூன்று அடியை மட்டும் படித்தால் போதும், துணிச்சலைப் பற்றிய சுவரொட்டி தயார். நடுவில் இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தன என்று அவரே சொல்லிவிடுகிறார். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளவும்.

இத்தனை சொல்லியும் கேட்காதவர்கள் குறுந்தொகையை எடுத்து, 25ஆம் பாடலின் கீழே இருக்கும் பொழிப்புரையைக் கையால் மறைத்துக்கொண்டு, பாடலை மட்டும் இரண்டு முறை வாசித்துப் பாருங்கள். பிறகு என்னிடம் வந்து அர்த்தம் கேட்காதீர்கள்.