மாமா அனுப்பிய பையன்

கிணத்துக்கடவுத் தென்னைநார் ஆலையில் கணக்கு எழுத, மாமா அனுப்பிய பையனின் நேர்காணல், அப்பத்தாவின் மூட்டுவலியை விசாரித்துக் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். வேலை தெரியுமா என்பது முதல் லாரி வந்தபின்தான் தெரியும்.

நேர்காணலை நியாயமாக நடத்த ஒரு எடைச்சீட்டு போதும். மொத்த எடை 9,240 கிலோ, காலி வண்டி 4,180, ஈரக்கழிவு 5 சதவீதம். விடை 4,807. வந்தவர் எல்லோருக்கும் அதே சீட்டு, அதே கால்மணி நேரம். திருத்துபவர் மட்டும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. கொங்கு நாட்டில் கடினமான பகுதி இதுதான்.

“எல்லாருக்கும் ஒரே பரீட்சைதானுங்க மாமா” என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேறாவிட்டால் காரணம் பையனுக்கு மட்டும். மாமாவுக்கு முடிவு மட்டும், அதுவும் நேரில், அடுத்த கல்யாணப் பந்தியில் சந்திப்பதற்கு முன்பே.