வாயிற்காவலனிடம் சொன்னது

கவிதையில் யாரையாவது கூப்பிட்டுப் பேசும்போது, கூப்பிடப்படுபவர் பெரும்பாலும் பதில் சொல்ல வழியில்லாதவராகவே இருப்பார். நிலா, கடல், தன்னுடைய நெஞ்சு, இறந்துபோனவர், எமன், வாசலில் நிற்கும் காவலாள் என்று இந்தக் கூட்டம் பெரியது. இவர்களில் ஒருவரும் குறுக்கே பேசமாட்டார்கள். கவிஞர்கள் இவர்களைத் தேடிப் போவதற்கு அதுவே முதல் காரணம்.

தொல்காப்பியச் செய்யுளியல் இதற்கு முறைப்படி அனுமதி தருகிறது. அகப்பாட்டில் துயரப்படுகிறவர் ஞாயிறு, திங்கள், அறிவு, நாணம், கடல், கானல், விலங்கு, மரம், தனிமை உறுத்தும் பொழுது, பறவை, நெஞ்சு ஆகியவற்றைப் பேசுவன போலவும் கேட்பன போலவும் வைத்துப் பேசலாம் என்று பட்டியல் போட்டுவிட்டு, பட்டியலில் இல்லாதவற்றுக்கும் இடம் விட்டுவைக்கிறது. அதே இயல் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது, மாத்திரை, எழுத்து, அசை ஆகியவற்றோடு ‘கேட்போர்’ என்பதையும் ஓர் உறுப்பாக எண்ணுகிறது. அதாவது யாரிடம் சொல்லப்படுகிறது என்பதும் பாட்டின் கட்டுமானத்தில் சேர்ந்தது. அதை மாற்றினால் பாட்டே மாறிவிடும்.

இது எப்படி மாறுகிறது என்பதைத் தகடூரில் பார்க்கலாம். இன்றைய தருமபுரிதான் தகடூர். சேலம் போகும் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டை, அந்த ஊரை ஆண்டவர்களின் பெயரை இன்னும் சுமக்கிறது. அவர்களில் நெடுமான் அஞ்சிக்கும் ஔவையாருக்கும் இருந்த நட்பைத் தமிழ்நாட்டில் நெல்லிக்கனிக் கதையாகத் தெரியாதவர் இல்லை. நெல்லிக்கனி அளவுக்குப் பரவாத செய்தி ஒன்று உண்டு. அஞ்சி ஒருமுறை பரிசில் கொடுக்கக் காலம் தாழ்த்தினான். பாடப்புத்தகங்கள் இதை அடக்கி வாசிப்பது இயல்புதான். கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஒருத்தியை வாசலில் காத்திருக்க வைத்தான் என்பது வள்ளலுக்கும் நல்லதல்ல, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல.

அந்தத் தாமதத்தின்மேல் எழுந்தது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. ஔவையார் அதை அஞ்சியிடம் சொல்லவில்லை, வாயிற்காவலனிடம் சொல்கிறார். அவனை ஒருமுறைக்கு இருமுறை கூப்பிட்டு, பரிசிலர்க்கு ஒருநாளும் கதவடைக்காதவன் என்று புகழ்கிறார். புகழப்படும் நேரத்தில் புகழ்கிறவர் வெளியேதான் நிற்கிறார் என்பதால் அந்தப் பாராட்டில் முதல் ஊசி இருக்கிறது. அடுத்து வருவது இரண்டு கேள்விகள்: நெடுமான் அஞ்சிக்குத் தன்னைத் தெரியாதா, அல்லது என்னைத் தெரியாதா? பிறகு முடிவு. அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லாரும் செத்து உலகம் வெறிச்சோடிப் போய்விடவில்லை. யாழைத் தோளில் மாட்டியாயிற்று, மூட்டை கட்டியாயிற்று. தொழில் தெரிந்த தச்சன் வீட்டுப் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம் இருப்பதுபோல, எங்களுக்கும் எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்கிறார்.

இந்தப் பாட்டில் முன்னிலையில் இருப்பவன் காவலன். படர்க்கையில் இருப்பவன் அரசன். சுடவேண்டிய இடம் படர்க்கையில் இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இந்த உத்தி நன்றாகவே தெரிந்ததுதான். மருமகள் அடுப்படியில் ராகிக்களி கிளறிக்கொண்டிருக்கும்போது, மாமியார் வாசலில் மேயும் கோழியைப் பார்த்து, “தின்ன மட்டும் கரெக்டா வந்துடு” என்பார். இதற்கு ஜாடை பேசுவது என்று பெயர். கோழிக்கு மனவருத்தம் ஏற்பட்டதாகத் தகவல் இல்லை. அடுப்படியில் பாத்திரம் ‘ணங்’கென்று வைக்கப்படும் சத்தத்தை வைத்துப் பேச்சு சேரவேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளலாம்.

ஔவையார் காவலனை எடுத்துவிட்டு அதையே அஞ்சியின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் என்ன ஆகும்? கேள்விகள் இரண்டும், “உனக்கு உன்னைத் தெரியாதா? என்னைத் தெரியாதா?” என்று ஆகிவிடும். அது சண்டை. சண்டையில் எதிராளி பதில் சொல்லவேண்டும், பதில் சொன்னால் இருவரில் ஒருவர் தோற்கவேண்டும், தோற்றவர் மறுபடி அந்த அவைக்கு வரமுடியாது. காவலனிடம் சொன்னதால் அஞ்சிக்குக் காதில் விழாததுபோல இருக்க வசதி கிடைக்கிறது. காதில் விழுந்த பிறகு பரிசிலை அனுப்பவும் வசதி கிடைக்கிறது. சொன்னவருக்கோ ஒரு சொல்லையும் திரும்ப வாங்கவேண்டிய தேவை இல்லை. பாடப்பட்டோன் என்று புறநானூற்றுக் குறிப்பு சொல்வது அதியமானைத்தான். வாய் திறக்காமல் முழுவதையும் கேட்டு நின்ற காவலனுக்கு அந்த இடத்தில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

படிப்பவருக்கு நேர்வதும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. பாட்டு முன்னிலையில் தொடங்குவதால், படிப்பவர் கேட்காமலேயே காவலனின் இடத்தில் நிறுத்தப்படுகிறார். அரசனின் பெயர் வந்ததும், தனக்குச் சொல்லப்படுவதுபோல இருந்த பேச்சு உள்ளே இருப்பவனுக்கானது என்று புரிகிறது. இப்போது அவருடைய நிலைமை சங்கடமானது. சம்பளம் தருகிறவனைப் பற்றி ஒருவர் வாசலில் நின்று பேசுகிறார். உள்ளே போய்ச் சொன்னால் கோள், சொல்லாவிட்டால் துரோகம். நேரே அரசனிடம் சொல்லியிருந்தால் படிப்பவர் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார். காவலன் இருப்பதால் வேடிக்கை பார்க்கும் இடம் வாசலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கவிதை என்பது ஒட்டுக்கேட்கப்படுவது என்ற கருத்தை 1833இல் ஜான் ஸ்டுவர்ட் மில் எழுதினார். தகடூர் வாசலில் ஒட்டுக்கேட்பவனுக்கு வேலைப்பளுவும் சேர்ந்துகொள்கிறது.

இதே ஔவையார், இதே அஞ்சி, இதே தாமதம் 101ஆம் பாட்டிலும் வருகின்றன. அங்கே கூப்பிடப்படுவது தன் நெஞ்சு. எத்தனை நாள் போனாலும், எத்தனை பேரோடு போனாலும் அஞ்சி முதல் நாள் போலவே வரவேற்பான். பரிசில் காலம் தாழ்ந்தாலும் தாழாவிட்டாலும், யானை தன் கொம்புகளுக்கு இடையே வைத்த கவளம் போல அது கைக்கு வந்த மாதிரிதான். ஆசைப்பட்ட நெஞ்சே, நீ வருந்தவேண்டாம் என்கிறது பாட்டு. செய்தி ஒன்றுதான், பரிசில் இன்னும் வரவில்லை. காவலனிடம் சொன்னபோது அது மூட்டை கட்டுவதாகவும், நெஞ்சிடம் சொன்னபோது சமாதானமாகவும் மாறுகிறது. படிப்பவரும் முன்னதில் பதறுகிறார், பின்னதில் கொஞ்சம் சந்தேகப்படுகிறார். இவ்வளவு பொறுமையாகத் தன் நெஞ்சுக்குத் தேறுதல் சொல்கிறவருக்கு உள்ளுக்குள் எவ்வளவு புகைந்திருக்கும் என்ற சந்தேகம் அது. ஒருவர் “கவலைப்படாதே” என்று தனக்குத்தானே சொல்வதைக் கேட்டவர்கள், அவர் கவலையில்லாமல் இருக்கிறார் என்று முடிவு செய்வதில்லை.

தகடூர்ப் பாட்டுகளில் மிகத் துணிச்சலான விளி அரிசில்கிழாருடையது. தகடூர்ப் போரில் அதியமான் மரபைச் சேர்ந்த எழினி விழுந்தான். அவனுக்கான 230ஆம் பாட்டு, கன்றோடு கூடிய மாட்டுக்கூட்டம் பயமின்றிக் காட்டிலேயே தங்கிய, வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் இளைப்பாறிய, களத்து நெற்குவியலுக்குக் காவல் தேவைப்படாத நாட்டைச் சொல்லிவிட்டுக் கூற்றத்தின் பக்கம் திரும்புகிறது. அறம் இல்லாத கூற்றமே என்று கூப்பிட்டு, இவனை இழந்த உலகத்தைவிட உனக்குத்தான் நஷ்டம் அதிகம் என்று கணக்குச் சொல்கிறது. நொடித்துப்போன குடும்பத்து உழவன் விதைநெல்லைச் சமைத்துத் தின்றதுபோல, நீ இவன் உயிரைத் தின்றுவிட்டாய். விட்டுவைத்திருந்தால் இவன் ஒவ்வொரு போரிலும் உனக்கு எத்தனையோ பகைவர் உயிரை விளைவித்துத் தந்திருப்பான். எமனைக் கொடியவன் என்று திட்டியவர்கள் உலகத்தில் நிறையப் பேர். நிர்வாகத் திறமை போதாதவன் என்று திட்டியவர் குறைவு.

இந்தத் திட்டு ஏன் எமனுக்குப் போகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தகடூரை அழித்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அவனைப் பாடியவரும் இதே அரிசில்கிழார். வென்றவனையும் பாடியவர், விழுந்தவனுக்காகவும் அழவேண்டியிருக்கிறது. கொன்றது யார் என்ற கேள்வி எழுந்தால் விரல் சேரன் பக்கம் நீளும். விளி அந்த விரலைப் பிடித்து வானத்துப் பக்கம் திருப்பிவிடுகிறது. கவிஞருடைய மனத்தில் இந்தக் கணக்கு இருந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. பாட்டின் அமைப்பு அதற்கு இடம் தருகிறது. துயரத்தையும் சொல்லியாயிற்று, எழினியின் வீரத்தையும் சொல்லியாயிற்று, குற்றவாளியும் பிடிபட்டான், சேரன் பெயர் மட்டும் பாட்டில் இல்லை.

அஞ்சி இறந்தபோது ஔவையார் இந்த உத்தியைக் கைவிடுகிறார். 235ஆம் பாட்டில் அவனைக் கூப்பிடவே இல்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குத் தருவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்துத் தானும் குடிப்பான், எலும்போடு கறி கிடைத்த இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் அவனுக்கு, நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்று எல்லாம் படர்க்கையில் போகிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளில் ஊடுருவி, புலவர் நாவில் போய் விழுந்தது என்கிறார். இப்போது எங்கே இருக்கிறானோ என்ற கேள்வி யாரையும் பார்த்துக் கேட்கப்படவில்லை. காவலன் வாசலில் நின்றபோது ஜாடை பேச முடிந்தது, ஏனென்றால் கேட்கவேண்டியவன் உள்ளே இருந்தான். இப்போது உள்ளே யாரும் இல்லை. படிப்பவருக்கும் நிற்க ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆகவே ஒரு பாட்டில் விளி வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி, விளிக்கப்பட்டவரை எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பதுதான். காவலனை எடுத்தால் 206 சண்டையாகிறது, கூற்றத்தை எடுத்தால் 230இல் சேரன் மாட்டிக்கொள்கிறான். எடுத்த பிறகும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அந்த விளி வெறும் இருமல். கவியரங்கக் கவிதைகளில் இது அதிகம். தமிழே, தாயே, நிலவே, தோழா என்று வரிசையாகக் கூப்பிட்டு, ஒருவரிடமும் எதுவும் கேட்காமல் கவிஞர் உட்கார்ந்துவிடுவார். கவியரங்கில் உண்மையான விளி ஒன்றே ஒன்றுதான், அது அரங்கத் தலைவருக்கானது. அவரைக் கூப்பிடுவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது என்று துண்டுச்சீட்டு அனுப்பும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. அவரை நாலு வரி புகழ்ந்தால் இன்னும் எட்டு வரி படிக்கலாம். சீட்டு வந்துவிட்டால், மேடையில் மௌனமாக இருந்தவர் பதில் சொல்லிவிட்டார் என்று கவிஞர் புரிந்துகொள்ளவேண்டும்.