பெட்டிக்குள் ஊதுபத்தி

நம் ஊர் உணவகங்களில் இல்லாதது எதுவும் இல்லை. வாசலில் பித்தளை உருளி, அதில் மிதக்கும் ரோஜா இதழ்கள், நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மாட்டுவண்டிச் சக்கரம், சப்ளையர் சாம்பார் வாளியோடு எங்கே நிற்கிறார் என்று பார்க்க மூலைக்கு மூலை கேமரா. கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, முதலுதவிப் பெட்டியும் உண்டு. அது பூட்டியிருக்கும். சாவி முதலாளியின் மச்சானிடம் இருக்கும், மச்சான் இன்னொரு கிளையில் இருப்பார். எப்படியோ திறந்துவிட்டீர்கள் என்றால் உள்ளே ஊதுபத்திப் பாக்கெட், பில் ரோல், ரப்பர் பேண்டு, எப்போதோ காலாவதியான ஒரு களிம்பு. பெட்டி மாட்டப்பட்டது ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படுவதற்காக. அவரும் பார்ப்பார். திறந்து பார்க்கச் சொல்லி யாரும் அவருக்குக் காப்பி கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏழாம் நம்பர் மேசையை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதுக்காரர், பரோட்டாவும் மட்டன் சுக்காவும், பக்கத்தில் மைத்துனர் ஒரு ஜோக் சொல்கிறார். சிரித்துக்கொண்டே விழுங்கிய கறித்துண்டு உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்கிறது. அவர் எழுகிறார். இருமவில்லை, பேசவில்லை. கை தொண்டைக்குப் போகிறது, கண் பிதுங்குகிறது.

உடனே கூட்டம் விழித்துக்கொள்ளும். ஒருவர் “புரை ஏறிடுச்சு, யாரோ நெனைக்கிறாங்க” என்பார். இன்னொருவர் உச்சந்தலையில் ஓங்கித் தட்டுவார். மூச்சுக்குழாய் மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது என்பது அவருடைய உடற்கூறியல். மூன்றாமவர் தண்ணீர் டம்ளரை வாயில் திணிப்பார். காற்றே போகாத வழியில் தண்ணீர் எப்படிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. மீன்முள்ளுக்கான வைத்தியமான சோற்று உருண்டை நான்காமவர் கையில் தயாராக இருக்கும். ஐந்தாமவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, கோணம் சரியில்லை என்று நாற்காலியில் ஏறுவார். காற்று முற்றிலும் நின்றால் சுமார் நான்கு நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். அந்த நான்கு நிமிடத்தை இந்தக் குழு கலந்தாலோசித்தே தீர்த்துவிடும்.

சத்தம் வருகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் பலமாக இருமுகிறார், திணறியாவது பேசுகிறார் என்றால் காற்று போய்வருகிறது. அவரை இரும விடுங்கள். அந்த இருமலைவிட நல்ல வைத்தியம் உங்கள் கையில் இல்லை. பக்கத்தில் நின்று கவனியுங்கள், அது போதும். சத்தமே இல்லை, அல்லது காற்றில்லாத வறட்டு இருமல், உதடு நீலம் பாய்கிறது என்றால் “தொண்டையில சிக்கிடுச்சா?” என்று கேளுங்கள். தலையை ஆட்டுவார், பதில் சொல்ல முடியாது. அப்போது ஒருவர் 108-ஐ அழைக்க, நீங்கள் அவருக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நின்று, ஒரு கையால் மார்பைத் தாங்கி, இடுப்பிலிருந்து நன்றாக முன்னால் குனிய வையுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. தடவிக்கொடுப்பது அல்ல, அடி. ஒவ்வொரு அடிக்கும் துண்டு வெளியே வந்ததா என்று பாருங்கள்.

வரவில்லையா? பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அவரைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு கையை மூடிய முட்டியாக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்பின் முனைக்குக் கீழே வையுங்கள். மறு கையால் அந்த முட்டியைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாகச் சேர்த்து வெடுக்கென்று இழுங்கள். ஐந்து முறை. பிறகு மீண்டும் முதுகில் ஐந்து. துண்டு வெளியே வரும்வரை, அல்லது அவர் நினைவிழக்கும்வரை இப்படியே மாற்றி மாற்றி. நிறைமாதக் கர்ப்பிணிக்கும், கைகளால் சுற்றிக் கட்ட முடியாத பருமனானவருக்கும் வயிற்றில் அல்ல, மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்செலும்பில் ஐந்து அழுத்தம். நினைவிழந்தவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சை அழுத்தும் இதய மீட்பைத் தொடங்குங்கள்: முப்பது அழுத்தம், இரண்டு ஊதல். ஊதுவதற்கு முன் வாய்க்குள் பாருங்கள். துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள். தெரியாததைத் தேடி விரலை விட்டுத் துழாவினால் இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடுவீர்கள். பிழைத்துக்கொண்டாலும், வயிற்றில் அழுத்தப்பட்டவரை மருத்துவர் பார்த்தாக வேண்டும். உள்ளுறுப்பில் காயம் பட்டிருக்கலாம்.

நாம் கண்டுகொள்ளாத சாவு இன்னொன்று இருக்கிறது, நாகரிகச் சாவு. தொண்டை அடைத்தவர், நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் பக்கம் எழுந்து போவார். சப்ளையர் வழிவிட்டு நிற்பார். கதவு சாத்திக்கொள்ளும். சாப்பாட்டின் நடுவே பேச்சு மூச்சில்லாமல் எழுந்து போகிறவர் பின்னால் ஒரு ஆள் போக வேண்டும். அதற்குக் கேமரா உதவாது.

இதெல்லாம் நேற்று வந்த விஞ்ஞானம் அல்ல. உணவகத்தில் மாரடைப்பால் செத்தார்கள் என்று எழுதப்பட்டவர்களின் தொண்டையில் கறித்துண்டு இருந்ததை அமெரிக்காவில் 1963-லேயே ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். வயிற்றை அழுத்தும் முறையை ஹெய்ம்லிக் 1974-இல் வெளியிட்டார். நியூயார்க்கில் தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்ற படம் உணவகச் சுவரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் சுவரில் “அரசியல் பேசாதீர்கள்” என்ற பலகை இருக்கிறது. அதனால் யாரும் மூச்சடைத்துச் சாகாமல் தப்பியதாகத் தெரியவில்லை.

ஏழாம் நம்பர் மேசைக்காரருக்காவது பார்வையாளர்கள் உண்டு. சமையலறைக்குள் நடப்பதற்குச் சாட்சியே கிடையாது. பஜ்ஜிச் சட்டியை இறக்கும்போது பிடிதுணி வழுக்கி, வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பையனின் முன்கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டுகிறது. உடனே மாஸ்டர் தலைமையில் மருத்துவக் குழு கூடும். ஒருவர் பல்பசை என்பார், இன்னொருவர் தோசை மாவு, மூன்றாமவர் பேனா மை, குளிர்பெட்டியை ஒட்டி நிற்பவர் ஐஸ் கட்டி. நால்வர் சொன்னதும் வரிசையாகப் பூசப்படும். கடைசியில் “போ, போ, ரெண்டு நாள்ல சரியாயிடும், பார்சல் நிக்குது” என்று தீர்ப்பு.

பசையும் மாவும் சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும், கிருமியைச் சேர்க்கும். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுப்பதே தனி வதை. ஐஸ், ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் தோலுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். வேண்டியது குழாய்த் தண்ணீர். ஓடுகிற சாதாரணக் குளிர் தண்ணீரில் இருபது நிமிடம். நாம் காட்டுகிற இரண்டு நிமிடம் கணக்கில் வராது. மேல்தோல் ஆறிய பிறகும் அடியில் சூடு தின்றுகொண்டே இருக்கும். உடனே காட்ட முடியாமல் போனாலும், பட்டு மூன்று மணி நேரத்துக்குள் காட்டினால் பலன் உண்டு. வீக்கம் வருமுன் மோதிரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிப்போன துணியைப் பிய்க்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

இங்கேதான் முதலாளிக்குக் கணக்கு வரும். “இருபது நிமிஷம் தண்ணி விட்டா லாரித் தண்ணிக்கு யார் காசு குடுக்கிறது?” வாசலில் உருளியில் தண்ணீர் மாற்றுவது தினமும் நடக்கிறது, ரோஜா இதழ்களுக்கு முன்கை இல்லை என்பதால் அவற்றோடு தகராறு இல்லை.

ஆறிய புண்ணை மூட, பார்சல் கட்டும் மேசையில் கிடக்கும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளே போதும். முதல் சுற்றை வீசிவிட்டு, அடுத்த துண்டைப் புண்மேல் நீளவாக்கில் பரத்துங்கள். கையைச் சுற்றி இறுக்கினால் வீங்கும்போது ரத்த ஓட்டம் நின்றுவிடும். காயம்பட்டவரின் உள்ளங்கை அளவு அவர் உடலில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய புண், முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டது, வெள்ளையாகவோ கருகியோ இருப்பது எல்லாம் மருத்துவமனைக்கு. வலியில்லை என்று பையன் சொன்னால் மாஸ்டர் மகிழ்வார். பயப்பட வேண்டிய இடம் அது. நரம்பே வெந்துபோனால்தான் வலிக்காது. எண்ணெயே தீப்பிடித்தால் கதை வேறு: சட்டியில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்குத் தாவும். கேஸை அணைத்து மூடியால் மூடுங்கள், சட்டியை நகர்த்தாதீர்கள்.

வெட்டுக்காயத்துக்கு நம் சமையலறையின் மருந்து காப்பித்தூள். நிற்காத ரத்தத்துக்கு இரண்டாம் டோஸ் மஞ்சள்தூள். நிறுத்துவது அழுத்தம் மட்டும்தான்: சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டதா என்று திறந்து பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. விரல் நுனி துண்டாகிவிட்டால், ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து ஆளோடு சேர்த்து அனுப்புங்கள். விரலை நேராக ஐஸில் புதைத்தால் தையல் போட எதுவும் மிஞ்சாது. சின்ன வெட்டு என்றாலும் மூடாமல் மாவு பிசையக் கூடாது; புண்ணில் வளரும் கிருமி விடும் நஞ்சு, கொதிக்கவைத்தாலும் அழியாது. அதனால்தான் சமையலறைக்கு நீலநிற பிளாஸ்திரி வந்தது. சட்னிக்குள் விழுந்தால் கண்ணில் படும். தோல்நிறத்தது விழுந்தால் வாடிக்கையாளர் வெங்காயம் என்று சாப்பிட்டுவிடுவார், இங்கே அதுதான் வழக்கம்.

பெட்டிக்குள் என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டதே இல்லை. இருந்தாலும் மளிகைச் சீட்டோடு சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்:

கிருமி நீக்கிய காஸ் துண்டுகள், சிறிதும் பெரிதுமாக, சுருள் கட்டுத்துணி நான்கைந்து, முக்கோணக் கட்டுத்துணி இரண்டு, ஒட்டு டேப், நீலநிற பிளாஸ்திரி ஒரு பெட்டி, கையுறை பத்து ஜோடி, அரை லிட்டர் சலைன், முனை மழுங்கிய கத்தரிக்கோல், சாமணம், பிரிக்காத பிளாஸ்டிக் தாள் சுருள் ஒன்று, மூடும் பிளாஸ்டிக் பைகள், வாயில் ஊதுவதற்கான தடுப்பு உறை, டார்ச், நடந்ததை எழுத ஒரு நோட்டு, பேனா, மூடியின் உள்பக்கம் 108.

பஞ்சு வேண்டாம், புண்ணில் ஒட்டும். தீக்காயக் களிம்பும் வேண்டாம். ஞாயிறன்று ஒரு குடும்பம் சாப்பிட்டு எழும் பில்லைவிட இது பெரிதாகப் போகாது. மாதம் ஒருமுறை தேதி பார்த்து, தீர்ந்ததை வாங்கி வைக்க வேண்டும். பூட்டுப் போடக் கூடாது. பிளாஸ்திரி திருடுபோவதைத் தாங்க முடியாத வியாபாரம் நெய் ரோஸ்ட் விற்கக் கூடாது.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் இதைச் செய்யத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும் என்றால் முதலாளிக்குப் பதில் தயார்: “பசங்க மூணு மாசத்துல ஓடிப்போயிடுறானுங்க, யாருக்குச் சொல்லிக் குடுக்கிறது?” சரி, அப்படியானால் முதலாளியே கற்றுக்கொள்ளட்டும். காலை முதல் இரவுவரை கல்லாவை விட்டு நகராத ஒரே ஆள் அவர்தான்.