மணி அடிப்பது அங்கே, அலுவலகம் இங்கே

பெறுநர்:
பெயர்ப்பலகைகளுக்கும் விசிட்டிங் கார்டுகளுக்கும் பொறுப்பான உயர்திரு அதிகாரி அவர்கள்,
சுற்றுலாத் தகவல் மையம், சென்னை.

பொருள்: வெளிநாட்டார் தொந்தரவு இல்லாமல் அலுவலகம் நடத்தும் தங்கள் திறமையைப் பாராட்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வாசலில் புதுப் பலகை பளபளக்கிறது. 'வெளிநாட்டுப் பயணிகளே, வருக வருக!' என்று கொட்டை எழுத்தில் வரவேற்பு. அதன் கீழே '044-2××× ××46 / 47' என்று தொலைபேசி எண். கூப்பிட்டு அழைப்பதும் தாங்களே, கூப்பிட முடியாதபடி செய்வதும் தாங்களே. இந்த நிர்வாக நுட்பம் எல்லோருக்கும் வாய்க்காது.

பாரிஸில் ஒருவர் மாமல்லபுரம் போக ஆசைப்பட்டு, தங்கள் எண்ணை வீட்டுத் தொலைபேசியில் அப்படியே அழுத்துகிறார் என்று வையுங்கள். பிரான்ஸிலும் எண்கள் 0-வில்தான் தொடங்கும். ஆனால் பத்து இலக்கத்தோடு முடிந்துவிடும். தாங்கள் கொடுத்திருப்பதோ பதினோரு இலக்கம். முதல் பத்தை மட்டும் பிரெஞ்சு வழக்கப்படி இரண்டிரண்டாகப் பிரித்தால் 04 42 ×× ×× ×× என்று வரும். அங்கே 04 தென்கிழக்குப் பகுதிக்கென்று ஒதுக்கப்பட்டது. 04 42 எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் வட்டாரத்தின் தொடக்க எண்ணாக இருந்தது. ஓவியர் செசான் பிறந்த ஊர் அது. ஆக, கடைசி இலக்கத்தில் விரல் வைப்பதற்குள் அந்த ஊரில் யார் வீட்டிலோ மணி அடிக்கக்கூடும். மாமல்லபுரத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்ற கேள்விக்கு இனி அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தங்கள் ஊழியர்களுக்கு அதனால் எவ்வளவு ஓய்வு!

வெளிநாட்டு எண் போடுவது எப்படி என்று தெரியாதவர்கள் அல்ல தாங்கள் என்பதற்குத் தங்கள் விசிட்டிங் கார்டே சாட்சி. அதில் '+91 (0)44' என்று இருக்கிறது. அந்த 0, இந்தியாவுக்குள் ஊர் விட்டு ஊர் பேசுவதற்கு முன்னால் போடும் இலக்கம். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு அது வேண்டாம். வேண்டாததை எடுத்துவிடாமல் அடைப்புக்குறிக்குள் உட்காரவைத்திருக்கிறீர்கள். சஸ்பெண்ட் ஆனவருக்கும் நாற்காலி போடும் பெருந்தன்மை.

லண்டன்காரருக்கு இந்த அடைப்புக்குறி பழக்கம், 0-வை விட்டுவிடுவார். ரோம்காரர் என்ன செய்வார்? அவர் ஊர் எண் 06-இல் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாலும் +39 06 என்று 0-வைச் சேர்த்தே அழுத்த வேண்டும். அதே நினைப்பில் தங்கள் 0-வையும் சேர்த்து அழுத்துவார். அழைப்பு வந்து சேராது. ஒரே கார்டு, ஆளுக்கொரு பலன். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் E.123 என்ற பரிந்துரையில், சர்வதேச எண்ணுக்குள் அடைப்புக்குறி போடாதீர்கள் என்கிறது.

பலகையில் உள்ள '/ 47' இன்னொரு புதிர். கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றினால் அடுத்த லைன் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். வெளியூர்க்காரர் அதை எக்ஸ்டென்ஷன் என்று நினைத்து, எண்ணோடு 47-ஐயும் சேர்த்து அழுத்துவார். இரண்டாவது எண்ணையும் முழுதாக எழுத இடம் இல்லையா? பலகையில் தலைவர் படத்துக்கு மட்டும் நான்கடி இருக்கிறதே!

'அதற்குத்தான் 1800 இலவச எண் இருக்கிறதே' என்பீர்கள். பெரும்பாலும் அது இந்தியாவுக்குள் மட்டும் கிடைக்கும் எண். வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்குக் கட்டணமும் இல்லை, இணைப்பும் இல்லை.

0091 என்று போட்டால் போதாதா என்று கேட்கும் உதவியாளர் எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நாட்டை விட்டு வெளியே பேச ஐரோப்பாவில் பெரும்பாலும் 00 போடுவார்கள். அமெரிக்காவில் 011, ஜப்பானில் 010, ஆஸ்திரேலியாவில் 0011. உங்கள் நாட்டில் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுதான் + குறி. செல்போனில் அந்தக் குறியையே அழுத்தலாம்.

ஆகவே பலகையில் இரண்டே வரி போதும்:

உள்நாடு: (044) 2××× ××46
வெளிநாடு: +91 44 2××× ××46

உள்ளூர்க்காரருக்கு முதல் வரி, விருந்தாளிக்கு இரண்டாவது. இரண்டாவதில் நடுவே இடைவெளி மட்டும் விட்டால் போதும். பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் ஒரு சோதனை: 91-க்குப் பிறகு சரியாகப் பத்து இலக்கம் இருக்க வேண்டும். பதினொன்று வந்தால் 0 உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். தரைவழி எண்ணோ செல்போன் எண்ணோ, இரண்டுக்கும் இதே கணக்குதான்.

இதுவும் சிரமம் என்றால், பலகையை அப்படியே விட்டுவிட்டு, எக்ஸ் நகரத்தாருக்கு நம் பஸ் அட்டவணையை அனுப்பிவையுங்கள். அவர்களாவது பதில் சொல்லட்டும். இரண்டில் எது செலவு குறைவு என்று கோப்பில் குறிப்பெழுதி, விரைவில் ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பலகைக்கும் வரி கட்டிய ஒருவன்