எவ்வளவு குடுக்குது?

போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்தார். புதுக் காருக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. மனிதர் நிறத்தைப் பார்க்கவில்லை, உள்ளே உட்கார்ந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு குடுக்குது?"

"நேத்துதாங்க வந்துச்சு. இன்னும் பங்க் பக்கமே போகலை."

"என்னோடது இருபத்திமூணு குடுக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் காபி டம்ளரைக் கையில் வாங்கினார்.

எல்லோருடையதும் இருபத்திமூன்றுதான். இந்தத் திருச்சியில் லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுக்கிற கார் ஒன்றாவது இருக்க வேண்டுமே, அது யாரிடம் இருக்கிறது? தில்லை நகரில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்ட அரை மணி நேரம் ஏசி போட்டு உறுமிக்கொண்டிருந்த காரும் இருபத்திமூன்று. மாப்பிள்ளை சம்பளத்தைப் பெண் வீட்டில் சொல்கிற மாதிரி, பிடித்தம் எல்லாம் போக எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை.

கணக்கு எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் கோபம் வருகிறது. ஒருவர் டேஷ்போர்டுத் திரையைக் காட்டுகிறார். அது பைபாஸில் எழுபதில் போகும்போது ஒரு நிமிடம் காட்டிய எண். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். இன்னொருவர் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டு, முள் பழைய இடத்துக்கு இறங்கும்வரை ஓட்டிப் பார்த்தாராம். அந்த முள் மேட்டில் ஒன்று சொல்லும், பள்ளத்தில் ஒன்று சொல்லும். டேங்க் நிரப்பி, பங்க் துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும் இடத்தில் நிறுத்தி, நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் அதே 'டக்'வரை மறுபடி நிரப்பினால், ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஆட்கள் 'டக்' என்றதும் வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி "இன்னும் கொஞ்சம் பிடிக்கும், போடுப்பா" என்பார்கள். அதோடு கணக்கு போயிற்று.

விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்களா? மாட்டார்கள். இருந்தாலும் சொல்கிறேன். சோதனைக் கூடத்தில் காரின் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே சுமார் இருபது நிமிடம் ஓட்டுவார்கள். எந்த விநாடியில் என்ன வேகம் என்று அட்டவணை உண்டு, தொண்ணூறைத் தாண்டாது. ஏசி ஓடாது. மாடு குறுக்கே வராது. பின்சீட்டில் மாமியார் இல்லை, டிக்கியில் அரிசி மூட்டை இல்லை. அங்கே கிடைக்கிற எண்ணில் கால்வாசியாவது ஊருக்குள் உதிர்ந்துவிடும். இதையெல்லாம் மைத்துனரிடம் சொன்னேன். "இருக்கலாம். என்னோடது இருபத்திமூணு" என்றார்.

சரி, வந்த விஷயம் கார் வாங்கிய கதை. எப்படிப்பட்ட கார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மைலேஜ் நோய் எங்கள் வீட்டில் எனக்குத்தான் முற்றியிருந்தது. அதனால் முதல் நாளே சிஎன்ஜி கார்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். என் மகனுக்கு வேண்டியது உயரமான, அகலமான, கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டி. ஓசூரில் வேலை. மாதம் இரண்டு தடவை வருகிறவன், தவணை கட்டப்போகிறவன் என்பதால் அவனுக்கு இரண்டு ஓட்டு இருப்பதாக நினைப்பு.

"அப்பா, மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க?"

"ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கும்."

பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு எழுதினான். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்து, ஊருக்குள் பதினேழு கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். கேஸ் கிலோ தொண்ணூறு, இருபத்திநாலு கொடுத்தால் மூன்றே முக்கால். மிச்சம் இரண்டே கால். வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் என்றால் 13,500 ரூபாய். ஆனால் சிஎன்ஜி வண்டி வாங்கும்போதே 90,000 கூட. "போட்ட காசு திரும்பி வர ஆறு வருஷம் எட்டு மாசம். அதுவரைக்கும் டிக்கியில சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். அம்மா குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானையை மடியில வெச்சுக்கிட்டு வரணும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் கட்சி தோற்றது அந்த இடத்தில்தான்.

சும்மா விடுவேனா? அவன் வண்டியின் விலைத்தாளைப் பிடுங்கினேன். கண்ணாடிக் கூரை இல்லாதது 9.80 லட்சம், இருப்பது 10.20 லட்சம். வித்தியாசம் நாற்பதாயிரம்தானே என்றான். தமிழ்நாட்டில் இந்த விலை வண்டிகளுக்குச் சாலை வரி பத்து லட்சம்வரை 13 சதவீதம், தாண்டினால் 18. தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, மொத்த விலைக்கும். ஒன்றுக்கு 1,27,400 ரூபாய், மற்றதற்கு 1,83,600. நாற்பதாயிரம் கண்ணாடிக்கு ஐம்பத்தாறாயிரம் வரி! திருச்சி வெயிலில் கூரையைத் திறந்து எதைப் பார்ப்பது? உச்சி வெயிலுக்குக் கப்பம் கட்டுகிற முதல் குடும்பமாக நாம் இருக்க வேண்டாம் என்றேன்.

கூரையை விட்டான், அகலத்தை விடவில்லை. கூரையில்லாத அதே பெரிய வண்டி. இரண்டு வாரம் பேச்சு வார்த்தை அவன் அம்மா வழியாக நடந்தது. ஒரு சனிக்கிழமை அவளே அலுத்துப்போய், "முதல்ல வண்டி போர்டிகோவுக்குள்ள நுழையுமான்னு பாருங்க" என்றாள்.

எங்கள் வீடு கட்டியபோது என்னிடம் இருந்தது ஸ்கூட்டர். கொத்தனாரும் அதை மனதில் வைத்துத்தான் கட்டினார். கேட் தூண்களுக்கு நடுவே 190 செ.மீ. இவன் வண்டியின் அகலம் 179 செ.மீ. என்று போட்டிருந்தது. "நுழையுது!" என்று குதித்தான். கம்பெனிக்காரன் போடும் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேர்த்தி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மடக்கிக்கொண்டு நுழையலாமே என்றான். சரி.

நுழைந்த பிறகு? போர்டிகோவில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மாடிப்படி. நடுவே 221 செ.மீ. தரையில் சாக்பீஸால் காரை வரைந்தோம். சுவரோரம் பத்து செ.மீ. விட்டால் ஓட்டுநர் பக்கம் மீதி 32. ஓரடிக்கு அரை அங்குலம் கூட. அந்தச் சந்தில் கதவும் திறக்க வேண்டும், நானும் வெளியே வர வேண்டும். மகன் கதவாக நின்றான். நான் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து இறங்கினேன். கால் வந்தது. தோள் வந்தது. நடுப்பகுதி வரவில்லை. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"தெருவுல விட்டுடலாம்ப்பா."

"வேப்ப மரத்தடியிலா? காக்காய்க்குத் தவணை கட்டப்போறியா?"

165 செ.மீ. அகலத்தில் ஒரு சின்ன வண்டியை வரைந்தோம். மீதி 46. ஒன்றரை அடி. மூச்சைப் பிடிக்காமல் இறங்கினேன். அன்றைக்கே முடிவாகிவிட்டது: சிஎன்ஜியும் இல்லை, பெரியதும் இல்லை, அந்த அளவுக்குள் அடங்குகிற பெட்ரோல் வண்டி. ஷோரூமில் விற்பனைப் பையன் எஞ்சின், ஏர்பேக், தொடுதிரை என்று அடுக்க, நாங்கள் இருவரும் டேப்பை எடுத்து வண்டியின் குறுக்கே பிடித்தோம். அவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

எதிர் வீட்டுக்காரர் மறுநாளே டேப்பை இரவல் வாங்கிப் போனார். அவருக்கு ஏழு சீட்டர் வாங்கும் யோசனையாம். டேப் இன்னும் வரவில்லை, ஆனால் அவர் வீட்டு மாடிப்படியில் இரண்டு படியை இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.