தொடாதே அண்ணன்

ஃபேர்வெல் முடிந்து ஊருக்குப் பஸ் ஏறும் அவசரத்தில் சீனியர் அண்ணன் ப்ராஜெக்டைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போகும் குறிப்பு ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும். "தொடாதே" என்ற சொல்லை எடுத்துவிட்டால் அதிலும் அரைப் பக்கம்தான் தேறும். மஞ்சள் வயரைத் தொடாதே. அந்தக் கேபிளை மாற்றாதே. தொட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் அவருக்கும் அந்த வயருக்கும் இடையிலான ரகசியம்.

ஃபைல் விஷயத்தில் அவர் தாராளம். `pump_final.ino`, `pump_final_new.ino`, `pump_WORKING.ino` மூன்றும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். ஆர்டுயினோ ஐடிஇ ஒரு ஃபோல்டரில் உள்ள ino ஃபைல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத்தான் கம்பைல் செய்யும். `redefinition of 'void setup()'` என்று அது அலறும். அதற்கும் குறிப்பில் வழி இருக்கிறது: "எரர் வந்தால் மற்ற இரண்டையும் டெஸ்க்டாப்பில் போடு. கம்பைல் ஆனதும் திருப்பி வை." ஏன் திருப்பி வைக்க வேண்டும்? கேட்காதீர்கள்.

ஆனால் அண்ணனின் முழு மேதைமையும் தெரிவது இந்த வரியில்தான்: "வைஃபை ஆன் பண்ணும் முன் பம்பை வாளியிலிருந்து வெளியே எடுத்துவிடவும்."

ப்ராஜெக்ட் வேறொன்றுமில்லை. மண்ணில் ஈரம் குறைந்தால் ஈஎஸ்பி32 போர்டு பம்பைப் போட்டுத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும். ஈரத்தின் அளவை மொபைலுக்கும் அனுப்ப வேண்டும். வைஃபை இல்லாதவரை சமர்த்தாக ஓடும். வைஃபை வந்த நொடியில் சென்சார் 4095 என்று காட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கெபாசிட்டிவ் சென்சாரில் மண் காயக் காய எண் ஏறும். 4095 என்றால் உச்ச அளவு. போர்டின் கணக்கில் செடி பாலைவனத்தில் நிற்கிறது. பம்பு நிற்காமல் ஓடும், துளசி மூழ்கும், ஹெச்ஓடி அறை வாசல் வரை தண்ணீர் போகும். அண்ணன் பார்த்தார். பம்பை வாளியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். டெமோ அன்றைக்குப் பம்பு மேஜைமேல் வெறுங்காற்றை இறைத்தது. 'சிமுலேஷன் மோட்' என்று விளக்கமும் சொன்னார்.

காரணம் சின்னது. அந்தச் சிப்பில் அனலாக் அளவெடுக்க ஏடிசி1, ஏடிசி2 என இரண்டு பகுதிகள் உண்டு. வைஃபை ஓடும்போது ஏடிசி2-வை அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும். நமக்கு நம்பும்படியான அளவு வராது. மஞ்சள் வயர் செருகியிருந்தது ஜிபிஐஓ 25-இல், அதாவது ஏடிசி2-வில். 32 முதல் 39 வரையுள்ள ஜிபிஐஓக்கள்தான் ஏடிசி1. வயரைப் பிடுங்கி 34-இல் செருகி, கோடில் எண்ணை மாற்றினால் முடிந்தது வேலை. தொடக்கூடாது என்று பெட்டி கட்டி எழுதியிருந்த ஒரே வயர்; தொட வேண்டியிருந்த ஒரே வயரும் அதுதான்.

அடுத்தது, போர்டு அடிக்கடி தானாக ரீசெட் ஆகும் கதை. சீரியல் மானிட்டரில் `Brownout detector was triggered` என்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. பம்பு கிளம்பும்போது கரண்டை மொத்தமாக இழுக்கிறது, ஒல்லி யூஎஸ்பி கேபிளில் வோல்டேஜ் விழுகிறது, போர்டு தன்னைக் காத்துக்கொள்ள ரீசெட் ஆகிறது. அண்ணனின் வைத்தியம்:

```
WRITE_PERI_REG(RTC_CNTL_BROWN_OUT_REG, 0);
```

வீட்டில் புகை வந்தால் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவதுபோல, எச்சரிக்கும் பகுதியையே அணைத்துவிட்டார். வோல்டேஜ் விழுவது நிற்கவில்லை. நமக்குத் தெரிவதுதான் நின்றது. அதன்பிறகு போர்டு செய்தி எதுவும் சொல்லாமல் பாதியில் உறையும். குறிப்பில்: "சில நாள் மூட் அவுட் ஆகும். தட்டினால் சரியாகும்."

கடைசியில் 'செய்து பார்க்க வேண்டியவை'. சோலார் பேனல், மெஷின் லேர்னிங், ட்ரோன். (துளசிச் செடிக்கு ட்ரோன்.) எல்லாவற்றுக்கும் கீழே, பேனா மை தீரும் இடத்தில், "பம்புக்குத் தனி சப்ளை, கிரவுண்டை மட்டும் சேர்த்து? டைம் இல்லை." மொத்தக் குறிப்பிலும் உருப்படியான வரி அது ஒன்றுதான். கொடுத்துப் பார்த்தோம். மேலே உள்ள அந்தக் கோடு வரியை அழித்த பிறகும் ரீசெட் வரவில்லை.

சிரித்தாலும் எரிச்சல் போகவில்லை. அண்ணன் முட்டாளில்லை, வைஃபை வந்தால்தான் எண் கெடுகிறது என்பதைச் சரியாகப் பிடித்திருந்தார். "ஜிபிஐஓ 25, வைஃபை ஆன் ஆனதும் 4095, காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால் போதும், அரைமணி நேரத்தில் தேடிக் கண்டுபிடித்திருப்போம். பார்த்ததை எழுதாமல், தப்பித்த வழியை மட்டும் எழுதிவைத்தார். நாங்கள் ஒரு செமஸ்டர் வாளியும் கையுமாக நின்றோம்.

ஒன்று சொல்ல வேண்டும்: ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார். மஞ்சள் வயரை மாற்றிய விஷயத்தைச் சொன்னேன்.

"டேய், சூப்பர்டா! அப்ப உன் ஜூனியருக்கு நோட்ல எழுதிடு, 34-ஐத் தொடாதேன்னு."

"காரணத்தையும் எழுதிடறேண்ணா."

"அதெல்லாம் எதுக்குடா, நீளமாயிடும்."