பாக்கி வைக்கிறவன்தான் ஊர்க்காரன்

மருமகனே, டீக்கடை போட்டுட்டயாம், சந்தோசம். ஆனா கல்லாவுக்கு மேல 'கடன் அன்பை முறிக்கும்'னு ஒரு போர்டு தொங்குதே, அதைக் கழட்டி வையி. கடனும் குடுக்கலேன்னா இந்த ஊர்ல எவன் உங்கிட்ட அன்பா இருக்கப் போறான்?

கொத்தனாருக்குச் சனிக்கிழமைதான் கூலி. அதுவரைக்கும் அவன் குடிக்கிறதெல்லாம் நோட்டுலதான். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. டீக்கு ஒரு கோடு, வடைக்கு ஒரு சுழி. சனிக்கிழமை பைசா பாக்கியில்லாமத் தீத்துட்டான்னா சந்தேகப்படு, வேற கடை பாத்துட்டான். பத்தோ இருவதோ மிச்சம் வச்சுட்டுப் போறவன்தான் திங்கக்கிழமை திரும்பி வருவான்.

அந்த நோட்டு வசூலுக்கு மட்டும்னு நெனச்சிராத. முந்தி இங்க கடை வச்சிருந்தவன் மகா கருமி. விடியக்காலம் அஞ்சு மணிக்குச் சக்கரை கம்மியா ஸ்ட்ராங் டீ குடிக்கிற கிழவர் பக்கத்துல ரெண்டு நாளாக் கோடு விழலை. பாக்கி போச்சேன்னு பதறி வீட்டுக்கே தேடிப் போனான். கிழவர் வழுக்கி விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமக் கெடந்தாரு. பெஞ்சுல இருந்த நாங்கதான் ஆட்டோவுல தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாசத்துல தேடியிருந்தா, அவன் ஒரு வாரம் கழிச்சுத்தான் போயிருப்பான்.

ஆளு முக்குல திரும்பும்போதே கிளாஸை எடுத்துரு. லைட்டா, ஸ்ட்ராங்கான்னு தெனமும் கேட்டா, அவன் பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சுக்கிருவான். ஒருநாள் அவனாச் 'சக்கரை வேணாம்'னு சொன்னா மட்டும், ஏன்னு சத்தமாக் கேட்டுறாத. பெஞ்சுல பாதிப் பேரு வைத்தியருங்க. பொழுது சாயறதுக்குள்ள அவன் வீட்டுக்கு ஒரு கூடை பாகற்காய் போயிரும்.

பேப்பரைத் தாள் தாளாப் பிரிச்சு விடு. தலைப்புச் செய்தி ஒருத்தன் கையில, அதோட தொடர்ச்சி இன்னொருத்தன் கையில இருக்கணும். வரப்புத் தகராறுல கோர்ட்டுக்கு அலையிறவங்கூட, 'அப்புறம் என்னாச்சுய்யா?'ன்னு கேட்டுத்தான ஆகணும்.

டீக்கடை ஊரை ஒண்ணாச் சேக்குதுன்னு ரொம்பப் பெருமையும் பட்டுக்காத. முந்தி நம்ம பக்கத்துக் கடைகள்ல சிலருக்குத் தனி கிளாஸ். குடிச்சுட்டு அவங்களே கழுவி வைக்கணும், பெஞ்சுல உக்காரவும் கூடாது. அதுக்கும் ஊர் ஒத்துமைன்னுதான் பேரு வச்சிருந்தாங்க. இப்பச் சில எடத்துல அந்தத் தனி கிளாஸு பேப்பர் கப்பா வேசம் போட்டிருக்கு. ஆளைப் பாத்துக் கப்பு, ஆளைப் பாத்துக் கிளாஸுன்னு குடுத்தேன்னா எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிருவ. எல்லாருக்கும் ஒரே கிளாஸு, ஒரே வாளித் தண்ணி, உக்கார அதே பெஞ்சு. எவனாவது மொகத்தைச் சுளிச்சுக்கிட்டு எந்திரிச்சான்னா நீ ஒண்ணும் வாதாட வேணாம். நோட்டைத் திறந்து, மூணு மாசப் பாக்கியைச் சத்தமா வாசி. சத்தமில்லாம உக்காந்துருவான்.